99.8 சதவீதத்துக்குள் என்ன இருக்கிறது?

"இருப்புத் துல்லியம் 99.8 சதவீதம் பராமரித்தேன். நாளொன்றுக்கு 5,000 டிஸ்பாட்ச் கையாண்டேன். எஸ்.ஏ.பி., டபிள்யூ.எம்.எஸ்., எக்செல் தெரியும்." கிடங்கு வேலைக்கு வரும் ரெஸ்யூமேக்களில் இந்த மூன்று வரிகளும் இல்லாத ஒன்றை இப்போது பார்ப்பது அரிது. கார்வேட்டிநகரம், புத்தூர், நகரி பக்கத்துப் பிள்ளைகள் எழுதிய ரெஸ்யூமேக்களை, வேலைக்கு ஆள் எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து படித்திருக்கிறேன். ஒரே வாரத்தில் வந்த பலவற்றில் அதே 99.8 இருக்கும். எழுத்துப் பிழைகூட அதே சொல்லில் இருக்கும். ஏதோ ஒரு நெட் சென்டரின் கணினியில் ஒரு கோப்பு இருக்கிறது. பெயரும் கைபேசி எண்ணும் மட்டும் மாறி அது அச்சாகிக்கொண்டே இருக்கிறது.

இதைப் பார்த்துச் சலித்துப்போன மேலாளர்கள், எண்கள் போட்ட ரெஸ்யூமேயை நம்பவே வேண்டாம் என்கிறார்கள். வேலைவாய்ப்பு ஆலோசகர்களோ எண் இல்லாத ரெஸ்யூமேயை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்கிறார்கள். இரண்டு பேரும் தங்கள் தங்கள் அனுபவத்திலிருந்துதான் பேசுகிறார்கள். ஆனால் அந்த 99.8 என்ற எண் எப்படி உண்டாகிறது என்று இரு தரப்பும் கேட்பதில்லை. அதைக் கேட்டால்தான் இந்த வழக்கத்தின் பலமும் கோளாறும் தெரியவரும்.

முதலில் எண்கள் ஏன் வந்தன என்பதைச் சொல்லிவிட வேண்டும். கார்வேட்டிநகரம் பழைய ஜமீன் ஊர். வேணுகோபால சுவாமி கோயிலைச் சுற்றி வளர்ந்த இந்த ஊருக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் பக்கத்தில் பெரிய தொழிற்சாலை இல்லை. 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திராவில் மாவட்டங்களைப் பிரித்தபோது ஊர் சித்தூர் மாவட்டத்திலேயே தங்கிவிட்டது. புத்தூரும் சத்தியவேடும் ஸ்ரீசிட்டியும் திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டன. வேலை தேடுகிறவர்களுக்கு இரண்டு திசைகள். ஒன்று, சத்தியவேடு வழியாக ஸ்ரீசிட்டி, அதோடு தமிழ்நாட்டுப் பக்கம் திருவள்ளூர், செங்குன்றம், ஸ்ரீபெரும்புதூர் கிடங்குகள். இன்னொன்று, மேற்கே சித்தூரைச் சுற்றியுள்ள மாம்பழக் கூழ் ஆலைகள். எந்தத் திசையில் போனாலும் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் மூலமாகத்தான் வேலை. சம்பளச் சீட்டில் ஒப்பந்தக்காரர் பெயர் இருக்கும், பி.எஃப். கணக்கிலும் அதே பெயர்தான். ஆலையின் பெயர் எந்தக் காகிதத்திலும் வராது. மூன்று வருஷம் ஸ்டாக் பார்த்தவரும் மூன்று மாதம் மூட்டை தூக்கியவரும் காகிதத்தில் ஒன்றுதான்: "ஹெல்பர்."

அந்த நிலையில் இருக்கிற ஒருவருக்கு, தான் செய்த வேலையை எண்ணால் சொல்வதுதான் மிச்சம் இருக்கும் வழி. அனுபவச் சான்றிதழ் கிடைக்காதவர், "4,000 டிரம் இருப்புள்ள கிடங்கில் மாதாமாதம் எண்ணிக்கை எடுத்தேன்" என்று எழுதினால் அது ஒரு சான்றிதழின் வேலையைச் செய்கிறது. கிடங்கு தெரிந்த ஒருவர் அதைப் படித்தால் அடுத்த கேள்வி தானாக வரும். பதிலைக் கேட்டால் ஆள் உள்ளே இருந்தவரா இல்லையா என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். இது சின்னப் பலம் இல்லை. கல்லூரிப் பெயரும் ஆங்கிலப் பேச்சும் செய்யாத வேலையை ஒரு சரியான எண் செய்யும்.

எண் சரியாக இருக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல். துல்லியம் என்பதை மூன்று விதமாகக் கணக்கிடலாம். மூன்றும் முறைப்படி சரி. கூழ் கிடங்கை வைத்தே பார்ப்போம், நம் பக்கத்தில் அதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. தோதாபுரி, அதாவது கிளிமூக்கு மாங்காய், கோடையில் இரண்டு மூன்று மாதம்தான் வரும். அந்த நாட்களில் கூழாக்கி, சூடேற்றிக் கிருமி நீக்கி, ஆறவைத்து, கிருமி நீக்கிய பைகளில் நிரப்பி, ஒவ்வொரு பையையும் ஓர் இரும்பு டிரம்முக்குள் வைத்து மூடுகிறார்கள். ஒரு டிரம்மில் 215 கிலோ. குளிர்பதனம் இல்லாமலே ஒரு வருஷத்துக்கு மேல் தாங்கும். அதனால் கோடையில் செய்ததை வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புகிறார்கள். ஒவ்வொரு நாள் உற்பத்திக்கும் ஒரு லாட் எண் உண்டு. இனிப்பு, புளிப்பு, நுண்ணுயிர் ஆய்வு எல்லாம் லாட் வாரியாகத்தான் நடக்கும். வாங்குகிறவருக்குப் போகும் ஆய்வுச் சான்றும் லாட் வாரிதான்.

கணக்குக்காக ஒரு கிடங்கைக் கற்பனை செய்துகொள்வோம். 20 லாட், லாட்டுக்கு 200 டிரம், புத்தகப்படி மொத்தம் 4,000. எண்ணிப் பார்த்தால் 3,996 இருக்கிறது. மொத்தத்தில் 4 குறைவு. ஆகவே துல்லியம் 99.9 சதவீதம். ரெஸ்யூமேயில் எழுதிக்கொள்ளலாம், பொய் இல்லை.

இப்போது லாட் வாரியாகப் பிரித்துப் பார்ப்போம். 3-ஆம் லாட்டில் 24 டிரம் குறைவு, 4-ஆம் லாட்டில் 22 டிரம் அதிகம். 11-ஆம் லாட்டில் 10 குறைவு, 12-ஆம் லாட்டில் 8 அதிகம். மற்ற 16 லாட்டும் சரி. கூடுதலையும் குறைவையும் ஒன்றுக்கொன்று கழித்தால்தான் 4 என்று வருகிறது. கழிக்காமல் எல்லா வித்தியாசத்தையும் கூட்டினால் 64 டிரம். 4,000-க்கு 64 என்றால் 1.6 சதவீதம் பிழை, துல்லியம் 98.4. இதுவும் சரியான கணக்கு. மூன்றாவது முறை, எத்தனை லாட் புத்தகத்தோடு முழுசாகப் பொருந்துகிறது என்று பார்ப்பது. 20-க்கு 16. துல்லியம் 80 சதவீதம்.

ஒரே கிடங்கு, ஒரே நாள், ஒரே எண்ணிக்கை. 99.9, 98.4, 80. எதை ரெஸ்யூமேயில் போடுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

எது சரி என்று கேட்டால், யாருக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டும். கணக்குப் பிரிவுக்கு 99.9 போதும், பணமதிப்பு ஏறக்குறைய சரியாக இருக்கிறது, தணிக்கையாளர் கையெழுத்துப் போட்டுவிடுவார். டிஸ்பாட்ச் பார்க்கிறவருக்கு 80 தான் உண்மை. 3-ஆம் லாட்டில் குறைந்த 24-இல் 22 எங்கே போனது? 4-ஆம் லாட்டில் கூடுதலாகக் காட்டும் அதே 22 தான் அது. ஏற்றும்போது கணினியில் 4-ஆம் லாட் என்று கழித்திருக்கிறார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர் பக்கத்து வரிசையிலிருந்து 3-ஆம் லாட்டை எடுத்து ஏற்றியிருக்கிறார். டிரம்கள் எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. ஸ்டிக்கர் சுவரைப் பார்த்து இருந்தால் யாருக்கும் தெரியாது. அதாவது எங்கோ ஒரு வாடிக்கையாளரிடம் 4-ஆம் லாட்டின் ஆய்வுச் சான்றோடு 3-ஆம் லாட்டின் கூழ் போய்ச் சேர்ந்திருக்கிறது. நாளைக்கு அந்த லாட்டில் ஏதாவது கோளாறு என்று திரும்பப் பெற வேண்டி வந்தால், எதை யாரிடமிருந்து திரும்பக் கேட்பது? மீதி 2 டிரம் உண்மையாகவே இல்லை. பெரும்பாலும் பை உப்பி வெளியே எடுத்துப் போட்டதாகவோ, ஆய்வுக்குத் திறந்ததாகவோ இருக்கும். எடுத்தவர் சீட்டு எழுதவில்லை. 11-க்கும் 12-க்கும் இதே கதை, அளவு மட்டும் சிறியது.

ஆக, 99.9 என்ற எண்ணில் மறைந்துபோனது கிடங்கின் மிக முக்கியமான பிழை. 80 என்ற எண்ணில்தான் அது தெரிகிறது. இதனால்தான் துல்லியம் என்று ஒரு சதவீதத்தை மட்டும் எழுதுவதை நான் குறையாகப் பார்க்கிறேன். எதை எண்ணியது, மொத்தமாகவா லாட் வாரியாகவா, கழித்தா கழிக்காமலா என்று பக்கத்தில் நாலு சொல் இல்லாவிட்டால் அது படிக்கிறவருக்கு எதையும் சொல்வதில்லை.

இன்னொரு பெரிய ஓட்டை, எண்ணிக்கையை எப்போது எடுத்தது என்பதில் இருக்கிறது. எண்ணி முடித்ததும் வித்தியாசத்தைக் கணினியில் பதிகிறார்கள். பதிந்த அந்த நிமிஷமே புத்தக இருப்பு கையிருப்புக்குச் சமமாகிவிடும். அதாவது சரிக்கட்டிய பிறகு எந்தக் கிடங்கின் துல்லியமும் 100 தான். சில இடங்களில் வருஷக் கடைசித் தணிக்கைக்கு ஒரு வாரம் முன்னாலேயே உள்ளுக்குள் எண்ணிச் சரிக்கட்டிவிட்டு, தணிக்கையாளர் வரும்போது 99.9 காட்டுவார்கள். அந்த எண் ஊழியரின் ரெஸ்யூமேயிலும் ஏறிவிடும். வேலைக்கு எடுக்கிறவர் கேட்க வேண்டியது இதுதான்: "சரிக்கட்டும் முன் முதல் எண்ணிக்கையில் எவ்வளவு இருந்தது? வருஷத்தில் மொத்தம் எவ்வளவு சரிக்கட்டினீர்கள்?" எஸ்.ஏ.பி. உள்ள இடத்தில் இதற்கு நேரான பதில் இருக்கிறது. எண்ணிக்கை வித்தியாசம் பதிவாகும்போது கூடுதலுக்கு 701, குறைவுக்கு 702 என்ற வகை எண்ணில் விழும். `MB51` திரையில் அந்த இரண்டையும் போட்டு ஒரு வருஷத்துக்குத் தேடினால், 99.9 எவ்வளவு அழித்து எழுதி வந்தது என்று வரிசையாக வந்துவிடும். இந்த இரண்டு எண்களைப் பற்றிப் பேசத் தெரிந்தவர் உண்மையாகவே ஸ்டாக் பார்த்தவர்.

99.8 என்று எழுதுகிறவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். நிக்கோல் டிஹோரேஷியஸும் ஆனந்த் ராமனும் 2008-இல் 'மேனேஜ்மென்ட் சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், ஒரு பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் 37 கடைகளில் ஏறக்குறைய 3,70,000 இருப்புப் பதிவுகளை நேரில் எண்ணியதோடு ஒப்பிட்டார்கள். அவற்றில் 65 சதவீதம் தவறாக இருந்தன. அது கடை, மக்கள் கைபோட்டு எடுக்கும் இடம். பூட்டிய கிடங்கோடு அதை அப்படியே ஒப்பிடக் கூடாது. ஆனாலும் பதிவு வாரியாகப் பார்க்கும்போது எண் எவ்வளவு கீழே இறங்கும் என்பதற்கு அது நல்ல உரைகல். பதிவு வாரியாக 80 சதவீதம் என்று ஒருவர் எழுதியிருந்தால் அவர் மோசமான கிடங்கில் இருந்தவர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உண்மையில் எண்ணியவராக இருக்கலாம்.

டிஸ்பாட்ச் அளவுக்கு வருவோம். இங்கே கோளாறு வேறு மாதிரி. 20 அடி கன்டெய்னர் ஒன்றில் 215 கிலோ டிரம்கள் இரண்டு அடுக்காக 80 ஏறும், 17.2 டன். மாதத்துக்கு 40 கன்டெய்னர் அனுப்புகிற ஆலையில் வேலை பார்த்தவர் "40 கன்டெய்னர்" என்றும் எழுதலாம், "3,200 டிரம்" என்றும் எழுதலாம், "688 டன்" என்றும் எழுதலாம். அலகு மாற மாற ஆள் பெரிதாகிக்கொண்டே போகிறார். மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வைத்தால், நாளொன்றுக்கு இரண்டு கன்டெய்னர்கூட வரவில்லை. ஒரு ஃபோர்க்லிஃப்ட்டும் நாலு பேரும் இருந்தால் இயல்பாக முடிகிற வேலை அது.

அந்த 40-உம் அவருடையதா என்பது அடுத்த கேள்வி. இணைய வணிகக் கிடங்கிலிருந்து வருகிறவர் "நாளொன்றுக்கு 5,000 ஆர்டர்" என்று எழுதும்போது அது கிடங்கின் எண். ஷிப்டில் 40 பேர் இருந்திருந்தால் தலைக்கு 125. அவர் எடுத்தாரா, பேக் செய்தாரா, லாரியில் ஏற்றினாரா, அல்லது இன்சார்ஜாக இருந்து பார்த்தாரா என்பதைப் பொறுத்து அதே 5,000-க்கு நாலு அர்த்தம். 40 பேர் ஷிப்டை நடத்தியவருக்கு 5,000 நியாயமான எண்; அந்த 40 பேரில் ஒருவருக்கு 125 தான் நியாயம். ஆனால் 125 என்று எழுத யாருக்கும் மனசு வருவதில்லை. மணிக்கு எத்தனை வரி எடுத்தேன் என்று எழுதினால் இதைவிட நன்றாக இருக்கும். ஸ்கேனர் பயன்படுத்தும் கிடங்குகளில் அந்தக் கணக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உண்டு, ஷிப்ட் முடிவில் பலகையில் எழுதியும் போடுகிறார்கள்.

அளவைவிட, அனுப்பியதில் எத்தனை கெட்டது என்பதுதான் ஆளைக் காட்டும். கூழ் ஆலையில் அது எப்படிக் கெடும் என்று பார்த்தால் விஷயம் புரியும். ஒரே தோதாபுரியில் சாதாரணக் கூழ் 215 கிலோ டிரம், செறிவாக்கிய கூழ் 228 கிலோ டிரம். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒரு கன்டெய்னர் முழுக்க மாற்றி ஏற்றினால் எண்ணிக்கை 80 தான், கணக்கு பொருந்தும். எடை மட்டும் 17,200 கிலோவுக்குப் பதில் 18,240 இருக்கும். 1,040 கிலோ வித்தியாசம். 2016 ஜூலை 1 முதல் ஏற்றுமதிக் கன்டெய்னரின் சரிபார்த்த எடையை முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும் என்ற சர்வதேச விதி இருப்பதால், எடைப்பாலத்தில் நின்று சீட்டைப் பார்க்கிறவர் கவனமாக இருந்தால் அங்கேயே பிடித்துவிடலாம். பார்க்காமல் விட்டால் சென்னைத் துறைமுகத்தில் பிடிபடும், அல்லது வாங்கியவரின் ஆலையில். அப்போது கப்பலும் போயிருக்கும்.

இதோடு வண்டிக் காகிதம். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும். சித்தூரிலிருந்து சென்னைத் துறைமுகம் அந்தத் தூரத்துக்குள் அடங்கும். மாலையில் பில் போட்டு, வண்டி பழுதாகி வழியில் நின்று, செல்லுபடி காலம் முடிந்து, நீட்டிக்க யாரும் இல்லாமல் வண்டி சோதனையில் மாட்டுவதெல்லாம் டிஸ்பாட்ச் பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. லாரி எண் மாறினால் பில்லின் இரண்டாம் பகுதியைப் புதுப்பிக்க வேண்டும் என்பதும், கன்டெய்னர் சீல் எண் இன்வாய்ஸில் உள்ளதோடு பொருந்த வேண்டும் என்பதும் இப்படித்தான். "40 கன்டெய்னரில் துறைமுக நேரத்தைத் தவறவிட்டது 2, காரணம் இரண்டிலும் லாரி தாமதம்" என்று எழுதிய ஒருவரை நான் உடனே கூப்பிடுவேன். 40 என்று மட்டும் எழுதியவரைக் கூப்பிடலாமா என்று யோசிப்பேன்.

மூன்றாவது, தெரிந்த மென்பொருள்களின் பட்டியல். நௌக்ரி போன்ற தளங்களில் ஆள் தேடுகிறவர் சொல்லைப் போட்டுத்தான் தேடுகிறார், அதனால் "எஸ்.ஏ.பி." என்ற சொல் இல்லாவிட்டால் ரெஸ்யூமே கண்ணிலேயே படாது. சொல்லைப் போட வேண்டிய கட்டாயம் புரிகிறது. ஆனால் எஸ்.ஏ.பி. தெரியும் என்பது பெரும்பாலும் எஸ்.ஏ.பி. ஓடிய கிடங்கில் இருந்தேன் என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. கிடங்கு ஊழியருக்குத் திறந்துவிடும் திரைகள் மூன்று நாலுதான். அந்தத் திரைகளின் பெயரை எழுதுவது நேர்மையும் ஆகும், பலமும் ஆகும். எண்ணிக்கை எடுக்கும் வரிசை இது:

```
MI01 → MI04 → MI20 → MI11 → MI07
```

`MI01`-இல் எண்ண வேண்டிய பட்டியலை உருவாக்குகிறார்கள். அப்போதே பதிவுத் தடை போட்டால் எண்ணி முடிக்கும்வரை அந்தப் பொருளை யாரும் கணினியில் நகர்த்த முடியாது. தடை போடாமல் எண்ணினால், நடுவில் ஒரு லாரி புறப்பட்டுப் போய் எண்ணிக்கை முழுக்க வீண். `MI04`-இல் எண்ணியதைப் போடுகிறார்கள். `MI20` வித்தியாசங்களைக் காட்டும். சந்தேகம் இருந்தால் `MI11` மறு எண்ணிக்கைக்கு. `MI07`-இல் வித்தியாசம் பதிவாகிறது. அந்த அனுமதி பெரும்பாலும் கணக்குப் பிரிவிடமோ மேலாளரிடமோ இருக்கும், எண்ணியவரிடம் இருக்காது. இருக்கவும் கூடாது. எண்ணுகிறவரே பதியவும் முடிந்தால், காணாமல் போனதைக் காகிதத்தில் காணாமல் செய்வது எளிது.

இதில் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. `MI04`-இல் ஒரு பொருள் சுத்தமாக இல்லை என்றால் வெறுமனே சைபர் போட்டால் போதாது. பூஜ்ய எண்ணிக்கைக்கென்று தனியாக உள்ள கட்டத்தில் குறி போட வேண்டும். போடாவிட்டால், எண்ணவே இல்லை என்று கணினி எடுத்துக்கொள்ளும். ஐந்து திரைப் பெயர்களையும் மனப்பாடம் செய்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். "ஒரு பொருள் இல்லவே இல்லை, என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் அங்கே தயங்குவார்கள். உண்மையாகச் செய்தவர் ஒரு நாளாவது இதில் மாட்டியிருப்பார், சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்.

சின்னக் கூழ் ஆலைகள் பலவற்றில் டாலிதான். "டாலி தெரியும்" என்று ரெஸ்யூமேயின் கடைசி வரியில் வெட்கத்தோடு எழுதுகிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் கேள்வி ஒன்று உண்டு. டாலியில் பொருளை லாட் வாரியாகப் பராமரிக்கும் வசதியைத் தனியாகத் திறக்க வேண்டும். திறக்காத ஆலையில் 4,000 டிரம்மும் ஒரே குவியல். முன்னே பார்த்த 80 சதவீதக் கணக்கை அங்கே போடவே முடியாது, 99.9 மட்டுமே வரும். "லாட் வசதியோடு டாலி" என்று எழுதியவர், பெரிய மென்பொருளின் பெயரை மட்டும் போட்டவரைவிட எனக்கு அதிகம் சொல்லிவிட்டார். இணைய வணிகக் கிடங்குகளிலோ நிறுவனத்தின் சொந்த மென்பொருள் இருக்கும். அதன் பெயர் வெளியே யாருக்கும் தெரியாது, பலருக்கு அது வெறும் "கன்". அங்கே மென்பொருளின் பெயரைவிட, கையில் ஸ்கேனரோடு எந்த வேலைகளைச் செய்தேன் என்பதைச் சொல்வதே சரி: சரக்கைப் பின்னில் வைப்பது, எடுப்பது, தினமும் சில பின்களை எண்ணுவது.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், எண்களோடு எழுதும் வழக்கத்தைக் கைவிடச் சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை. திருத்திக்கொள்ளலாம். ஆனால் திருத்தச் சொல்லும்போது ஓர் அநியாயம் நடக்கிறது, அதைப் பேசாமல் விடக் கூடாது. முதல் எண்ணிக்கையில் லாட் வாரியாக 80 சதவீதம் என்று நேர்மையாக எழுதுகிறவரின் ரெஸ்யூமே, 99.8 என்று கோப்பிலிருந்து அச்சானதோடு ஒரே கட்டில் வருகிறது. முதலில் வடிகட்டுகிறவர் மனிதவளப் பிரிவில் இருக்கும் யாரோ, கிடங்கைப் பார்த்திராதவர். அவர் பெரிய எண்ணை எடுத்துக்கொள்வார். நேர்மைக்கு விலை கொடுப்பவர் ஒப்பந்தத் தொழிலாளி. அவரைப் பார்த்து "எண்ணோடு முறையையும் எழுது" என்று புத்தி சொல்வதற்கு முன், வேலை விளம்பரத்தில் "99 சதவீதத்துக்கு மேல் துல்லியம் பராமரித்தவர்கள் தேவை" என்று போடுகிறவர்களிடம் கேட்க வேண்டும்: எந்தக் கணக்கில் 99? அந்த வரியே நெட் சென்டர் கோப்பைப் பிறப்பிக்கிறது.

இன்னொரு அநியாயம், எண் யார் கையில் இருக்கிறது என்பது. துல்லியத்தைக் கணக்கிட்டுச் சுவரில் ஒட்டும் கிடங்குகள் உண்டு. பல கிடங்குகளில் அது மேலாளரின் கணினியிலேயே இருக்கும். எண்ணிய பையனுக்குச் சொல்வதில்லை. தன் வேலையின் விளைவையே பார்க்காதவரிடம், அதை ரெஸ்யூமேயில் எழுது என்று கேட்டால் அவர் ஊகிக்கத்தான் செய்வார். தவிர, ஆலையின் விவரங்களை வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற நியாயமான கட்டுப்பாடும் இருக்கிறது. எந்த வாடிக்கையாளருக்கு எவ்வளவு போனது என்பதை ரெஸ்யூமேயில் எழுதுவது தவறு. அப்படி எழுதுகிறவரை அடுத்த ஆலை நம்புமா? கிடங்கின் அளவையும் தன் பங்கையும் சொல்லலாம், வாங்கியவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த எண்கள் வேலை தேடுகிறவரோடு நின்றுவிடுவதும் இல்லை. 2025 பருவத்தில் சித்தூர் தோதாபுரி விவசாயிகள் விலை இல்லாமல் தவித்தபோது, முந்தைய வருஷக் கூழ் கிடங்கில் தேங்கியிருக்கிறது என்பதுதான் ஆலைகள் தரப்பில் சொன்ன முக்கியக் காரணம். கடைசியில் ஆலை கிலோவுக்கு 8 ரூபாயும் ஆந்திர அரசு 4 ரூபாயும் என்று 12 ரூபாய்க்கு ஏற்பாடு ஆனது. தேங்கியது எவ்வளவு, எந்த லாட், எது இன்னும் விற்கும் நிலையில் இருக்கிறது என்று சொல்லக்கூடியவர், அந்தக் கிடங்கில் எண்ணிக்கை எடுத்த ஆள்தான். அவருடைய எண்ணிக்கை மொத்தக் கணக்கா லாட் கணக்கா என்பது அப்போது ஊர் விஷயமாகிவிடுகிறது.

கார்வேட்டிநகரத்துப் பையன் ஒருவன் இப்போது எழுத உட்கார்ந்தால் எப்படி எழுதலாம்? மேலே கற்பனை செய்த அதே கிடங்கில் ஒரு வருஷம் இருந்தவன் என்று வைத்துக்கொள்வோம். "மாம்பழக் கூழ் கிடங்கு, சித்தூர் அருகே, ஒப்பந்த ஊழியர், 4,000 டிரம், 20 லாட். மாதாந்திர எண்ணிக்கையில் இருவரில் ஒருவர். புத்தக இருப்பைப் பார்க்காமல் எண்ணுவோம். சரிக்கட்டும் முன் முதல் எண்ணிக்கையில் லாட் வாரிப் பொருத்தம் 20-க்கு 16. கழித்துப் பார்த்தால் மொத்த வித்தியாசம் 4 டிரம். லாட் பொருந்தாததற்குக் காரணம்: ஏற்றும்போது லாட் மாறியது. ஸ்டிக்கர் வழிப்பக்கம் பார்க்க டிரம்களை அடுக்கி, ஏற்றும் முன் லாட் எண்ணைக் கையால் எழுதி இருவர் கையெழுத்திடும் சீட்டைக் கொண்டுவந்த பின், ஆறாவது மாதத்தில் 20-க்கு 19. மாதம் 40 கன்டெய்னர் ஏற்றும் குழுவில் லாட் சரிபார்ப்பு என் வேலை. டாலி, லாட் வசதியோடு. பதிவு செய்யும் அனுமதி எனக்கு இல்லை."

இதில் 99.9 என்ற எண் எங்கும் இல்லை. ஆனால் மொத்த வித்தியாசம் 4 டிரம் என்று இருப்பதால், வேண்டுமென்கிறவர் கணக்கிட்டுக்கொள்ளலாம். கடைசி வரியை எடுத்துவிடச் சொல்லி நெட் சென்டர்காரர் நிச்சயம் வற்புறுத்துவார். அனுமதி இல்லை என்று எழுதினால் யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்பார். ஆனால் கிடங்கு நடத்துகிறவர் படிக்கும்போது அந்த வரியில்தான் நிற்பார்: எண்ணியது ஒருவர், பதிந்தது இன்னொருவர் என்ற ஒழுங்குள்ள இடத்தில் இந்தப் பையன் இருந்திருக்கிறான், அந்த ஒழுங்கு ஏன் என்றும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. 20-க்கு 19-இல் மிச்சமிருந்த அந்த ஒரு லாட் எது, ஏன் சரியாகவில்லை என்பதுதான் நேர்காணலில் அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி.